விடாக்கண்டர்

வேலைவாய்ப்பு முகாமுக்கு வருவோரில் விடாக்கண்டர் ஒரு தனி வகை. ஏதாவதொரு கல்லூரி மைதானத்தில் ஷாமியானா போட்டு, நிறுவனங்கள் வரிசையாக மேசை விரித்திருக்கும் சனிக்கிழமைகளில் இவர் காலை எட்டு மணிக்கே ஆஜராகிவிடுவார். கையில் பிளாஸ்டிக் ஃபைல். அதில் பயோடேட்டா பதினைந்து நகல், மதிப்பெண் சான்றிதழ்கள், ஏழாம் வகுப்பில் வாங்கிய பேச்சுப்போட்டிப் பரிசுச் சான்று. முகாமில் இவரிடம் குறை காண முடியாது. வரிசையில் நிற்பார், பணிவாகப் பேசுவார், கேட்டதற்குப் பதில் சொல்வார். மேலாளர் "பார்த்துட்டுச் சொல்றோம்பா" என்று விசிட்டிங் கார்டை நீட்டுவார். இவருடைய சுயரூபம் வெளிப்படுவது அந்த நிமிடத்திலிருந்துதான்.

பேருந்து நிறுத்தத்துக்கு வருவதற்குள் மேலாளரின் வாட்ஸ்அப்புக்கு "வணக்கம் சார்" போய்விடும். பேருந்தில் ஏறியதும் "சார்". ஊர் வந்து சேர்ந்ததும் வெறும் கேள்விக்குறி. ஞாயிறு காலை ரோஜாப்பூவும் சூரியனும் கலந்த "இனிய காலை வணக்கம்" படம். அதில் இரண்டு நீல டிக் விழுந்ததும், பாதி வேலை கிடைத்துவிட்டதாக வீட்டில் அறிவிப்பார். திங்கள் காலை ஒன்பதரைக்கு முதல் அழைப்பு. எடுக்கவில்லையென்றால் தம்பியின் எண்ணிலிருந்து இன்னொன்று. புதன்கிழமைக்குள் லிங்க்ட்இன், ஃபேஸ்புக் இரண்டிலும் மேலாளரைக் கண்டுபிடித்திருப்பார். மேலாளர் மகளின் பிறந்தநாள் படத்துக்குக் கீழே "வாழ்த்துகள் பாப்பா. சார், என் பயோடேட்டா பார்த்தீங்களா?" என்று எழுதியிருப்பவர் இவர்தான்.

இவருடைய பிழை ஆர்வத்தில் இல்லை. மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாததில் இருக்கிறது. முகாம் முடிந்த மாலை, ஒரு நிறுவனத்தின் பையில் நூற்றுக்கணக்கான பயோடேட்டாக்கள் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றின் மூலையிலும் பேனாவால் ஒரு குறிப்பு: கூப்பிடலாம், வைத்திருக்கலாம், வேண்டாம். திங்களன்று மனிதவளப் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து அவற்றை எக்செல் தாளில் ஏற்றுவார். மேசையில் பேசிய மேலாளருக்கு ஆளைப் பிடித்திருந்தாலும், அந்த இடத்தை நிரப்ப மேலிடத்து ஒப்புதல் வேண்டும்; சம்பள வரம்பு முடிவாக வேண்டும்; அதற்கு நிதிப் பிரிவு கையெழுத்துப் போட வேண்டும். ஆக, மேலாளரின் மௌனத்துக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: அவருக்கே இன்னும் தெரியாது. தெரியாத ஒன்றை ஐந்து முறை கேட்டால் பதில் வராது. கேட்டவரின் பெயர் மட்டும் நன்றாக மனப்பாடமாகும்.

இதைக் கேள்விப்பட்டு மிரண்டுபோய் ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிடும் சங்கோஜிகளும் உண்டு. அவர்களுடைய பயோடேட்டா, மூலையில் நல்ல குறிப்போடு, கட்டுக்குள்ளேயே இருந்துவிடும். இரு வகையினரும் தவறவிடுவது ஒரே இடத்தில்தான்: மேசையை விட்டு எழும்போது கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள். "முடிவு எப்போ தெரியும் சார்?" என்பது ஒன்று. "அதுக்கப்புறம் யாரை, மெயில்லயா போன்லயா கேட்கலாம்?" என்பது மற்றொன்று. இவற்றுக்குக் கிடைக்கும் பதிலே அடுத்த சில வாரங்களுக்கான அனுமதிச் சீட்டு. அதை விசிட்டிங் கார்டின் பின்புறம் அங்கேயே குறித்துக்கொள்பவருக்குப் பிறகு ஊகிக்க வேண்டியது எதுவும் இராது.

ஓர் எடுத்துக்காட்டு. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த ஓர் இளைஞர், ஒரகடம் பகுதியிலுள்ள வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் மேசையில் தர ஆய்வாளர் பணிக்காகப் பேசுகிறார். இரவு ஷிப்டில் மைக்ரோமீட்டரைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவர் கிடைப்பதில்லை என்று மேலாளர் அலுத்துக்கொள்கிறார். முடிவு பத்து நாளில் தெரியும், மெயில் அனுப்பலாம் என்றும் சொல்கிறார். இளைஞர் ஞாயிறை மேலாளரின் குடும்பத்துக்கு விட்டுவிட்டு, திங்கள் மதியம் எழுதுகிறார். பொருள் வரியில் பதவி, தன் பெயர், முகாமின் தேதி. உள்ளே, ஆங்கிலத்தில், இவ்வளவுதான்: சனிக்கிழமை முகாமில் நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. இரவு ஷிப்டில் மைக்ரோமீட்டர் அளவீட்டுக்கு ஆள் தேவை என்றீர்கள். பயிற்சிக் காலத்தில் நான் தினமும் செய்த வேலை அது. இரவு ஷிப்டுக்கும் தயார். பயோடேட்டா இணைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னபடி பத்து நாளுக்குப் பின் ஒருமுறை விசாரிக்கிறேன். கீழே பெயர், கைபேசி எண்.

இதில் வேலை செய்வது அந்த மைக்ரோமீட்டர் வரிதான். நூற்றுக்கணக்கானவர்களோடு பேசிய மேலாளருக்கு முகங்கள் நினைவிருக்காது. தான் அலுத்துக்கொண்டது நினைவிருக்கும். இணைப்புக்குக்கூட இளைஞர் தன் பெயரையும் பதவியையும் தலைப்பாக வைத்திருக்கிறார். விடாக்கண்டர் அனுப்புவதோ "நியூ ரெஸ்யூம் ஃபைனல் ஃபைனல் 3". அதைத் தரவிறக்கியவர் மறுபடி கண்டுபிடிப்பதற்கு வழியே இல்லை.

அடுத்த வேலை காத்திருப்பது. விடாக்கண்டரின் கை நடுங்குவது இங்கேதான். பத்து நாள் என்றால் பத்து நாள், அதன் மேல் ஒன்றிரண்டு வேலை நாட்கள். கெடு எதுவும் சொல்லப்படவில்லை என்றால் ஒரு வாரம் விடலாம். பிறகு இரண்டாவது மடல், முதல் மடலுக்கே பதிலாக. அப்போதுதான் பழையது கீழே தெரியும். பெறுபவர் எதையும் தேட வேண்டியிருக்காது. "முடிவாகிவிட்டதா, என் தரப்பில் ஏதாவது அனுப்ப வேண்டுமா" என்ற அளவில் மூன்று வரி போதும். "ஏன் பதில் போடவில்லை" என்ற தொனி எந்த வரியிலும் எட்டிப்பார்க்கக் கூடாது. இடையில் புதிதாக ஒன்று நடந்திருந்தால், ஒரு சான்றிதழ் வந்தது, வேறொரு நிறுவனம் வேலைக்குக் கூப்பிட்டது என்பதுபோல, அதுவே எழுதுவதற்குத் தகுந்த காரணம். அதற்காக இல்லாத நிறுவனத்தைக் கூப்பிட வைக்கக் கூடாது. மேலாளர் "வாழ்த்துகள், போய்ச் சேருங்கள்" என்று பதில் போட்டுவிடுவார்.

மேலும் இரண்டு வாரம் மௌனமென்றால் மூன்றாவது மடல், அதுவே கடைசி. இந்த இடம் நிரம்பியிருந்தால் பரவாயில்லை, பின்னால் வேறு இடம் வந்தால் நினைவில் வையுங்கள் என்று எழுதிக் கதவைச் சாத்தாமல் விலகிக்கொள்வது. வாட்ஸ்அப், தொலைபேசி இரண்டும் மேலாளரே சொல்லியிருந்தால் மட்டும். சொல்லியிருந்தாலும் திங்கள் காலை வேண்டாம். வாரக் கூட்டமும் சனி, ஞாயிறில் சேர்ந்த தகராறுகளும் மேலாளர் மேல் ஒன்றாக விழும் நேரம் அது.

எந்த நிலையில் நிற்கிறோம் என்பதைப் பதிலின் உருவத்திலிருந்தே அறியலாம். பதிலில் மேலாளர் ஒரு கேள்வி கேட்டிருந்தால், எப்போது சேர முடியும், எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று, விஷயம் உயிரோடு இருக்கிறது. "மனிதவளப் பிரிவு தொடர்பு கொள்ளும்" என்றால் கோப்பு கைமாறிவிட்டது. இனி எழுத வேண்டிய முகவரி வேறு. "பார்க்கிறோம்" என்ற ஒற்றைச் சொல் இரண்டாம் முறையும் வந்தால், பார்க்கப்போவதில்லை. விடாக்கண்டர் இம்மூன்றையும் சம்மதமாகவே வாசிப்பார்.

தேர்வான ஒருவர் சேராமல் போவதும், சேர்ந்த மாதத்திலேயே நின்றுவிடுவதும் தொழிற்சாலைகளில் வழக்கம். அன்று மேலாளர் புதிதாக முகாம் நடத்துவதில்லை. மெயில் பெட்டியில் பதவியின் பெயரைத் தட்டித் தேடுவார். ஒழுங்கான பொருள் வரியோடு மூன்றே மடல் எழுதி நிறுத்தியவர் அங்கே அகப்படுவார். விடாக்கண்டரின் எண் அதற்கு வெகு முன்பே பிளாக் செய்யப்பட்டிருக்கும்.