பையனைப் பதினான்கிலேயே நிறுத்தி வைப்பது எப்படி?

உடன்குடியில் கருப்பட்டி வாங்குகிறவர் சீனி கலந்திருக்கிறதா என்று ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். குறுவட்டப் போட்டிக்கு வந்து நிற்கும் பையனை யாரும் கடித்துப் பார்க்க முடியாது. அந்த ஒரு வசதியை நம்பித்தான் நீங்கள் இத்தனை வருடமாக அணி எடுக்கிறீர்கள். அதையே இன்னும் முறையாகச் செய்ய இந்த வழிகாட்டி.

1. முதலில் தேதியைத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளி விளையாட்டில் 14, 17, 19 என்று மூன்று பிரிவுகள். கணக்கு டிசம்பர் 31-ல் முடிகிறது. 2025-26 போட்டிகளில் 14 வயதுக்குட்பட்டோர் என்றால் 2012 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். கிரிக்கெட் வாரியத்துக்குக் கணக்கு செப்டம்பர் 1. ஆகவே ஒரே பையன் ஒரு மைதானத்தில் சின்னவன், அடுத்த மைதானத்தில் பெரியவன். இதில் குழம்புகிறவர்கள் நேர்மையானவர்கள் மட்டும்தான்.

2. முடிந்தால் சட்டப்படியே ஏமாற்றுங்கள். ஜனவரி 2-ல் பிறந்தவனும் டிசம்பர் 30-ல் பிறந்தவனும் ஒரே பிரிவு. இடையில் ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி. பதிமூன்று வயதில் ஒரு வருடம் என்பது அரைச் சாண் உயரமாகவும் இருக்கலாம். கனடாவின் ஐஸ் ஹாக்கியில் வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் தேறுகிறார்கள் என்று ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1985-லேயே எழுதிவிட்டார். அங்கும் கணக்கு ஜனவரி 1-தான்.

எனவே திட்டமிடலைக் கல்யாணத்திலிருந்தே தொடங்குங்கள். சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கக் கூடாதென்று புதுத் தம்பதியை ஆடியில் பிரித்து வைக்கிறோம். விளையாட்டு வீரன் வேண்டும் என்கிற குடும்பம் பிரிக்க வேண்டியது பங்குனியில். சித்திரை ஒன்றாம் தேதி சேர்த்து வைத்தால், கரு தரித்த நாளிலிருந்து 266 நாள் என்ற கணக்குப்படி, ஜனவரி 5-ல் பிள்ளை. பொய் சொல்ல வேண்டிய அவசியமே வராது.

3. பங்குனியைக் கோட்டைவிட்டவர்கள் பொய்க்கு வாருங்கள். உங்கள் அணிப் பையன் ஒருவன் 2011 ஜூன் 20-ல் பிறந்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதமும் சில நாளும்தான் தாண்டுகிறது. இந்தச் சின்ன விஷயத்துக்கா ஒரு லெஃப்ட் விங்கரை இழப்பது? 2012 ஜனவரி 5 என்று வையுங்கள். ஜனவரி 1 என்று மட்டும் வைக்காதீர்கள். ஜனவரி 1-ல் பிறந்த ஏழு பேர் ஒரே அணியில் வந்தால் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

நம் ஊரில் இது புதுசும் அல்ல. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தொட்டதும் தலைமையாசிரியர் ஜூன் மாதத்துக்குள் ஒரு தேதியைத் தானே எழுதிக்கொள்வார். ஒரு தலைமுறையே அப்படித்தான் மே, ஜூனில் பிறந்தது. எலும்பைப் பார்த்து வயதைச் சொல்வது அன்றைக்கே நம்மிடம் இருந்தது. எக்ஸ்ரேதான் இல்லை.

4. இப்போது தாள்கள். பிறப்புச் சான்றிதழில் எல்லோரும் பிறந்த தேதியைத்தான் பார்ப்பார்கள் என்று நம்புங்கள். கீழே பதிவு செய்த தேதி என்று இன்னொன்று இருப்பதை மறந்துவிடுங்கள். பிறந்த 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் அலுவலரின் உத்தரவு வேண்டும். 2012-ல் பிறந்தவனுக்கு, அதுவும் அணித் தேர்வுக்கு முந்தின மாதம், 2025-ல் பதிவு நடந்திருந்தால் அது தற்செயல் என்று சாதியுங்கள். பழைய பதிவு ஒன்று வேறு பெயரெழுத்தில் ஏதோ ஒரு பேரூராட்சி நோட்டில் இருக்கும். அது அங்கேயே இருக்கட்டும்.

2001-ல் அமெரிக்காவில் டேனி அல்மோன்டே என்ற பையனுக்கு நடந்ததும் இதுதான். பன்னிரண்டு வயதுக்காரர்களின் பேஸ்பால் போட்டியில் எதிரணியில் ஒருவரைக்கூட முதல் தளம் வரை வர விடாமல் வீசி நாடு முழுக்கப் பெயர் வாங்கினான். டொமினிகன் குடியரசில் அவன் பிறப்புக்கு இரண்டு பதிவுகள் இருந்தன: ஒன்றில் 1989, இன்னொன்றில் 1987. பத்திரிகையாளர்கள் போய் நோட்டைப் புரட்டினார்கள். பதினான்கு வயது என்று தெரிந்தது, அணியின் வெற்றிகள் அழிக்கப்பட்டன. எக்ஸ்ரே எடுக்கவில்லை, ரத்தம் எடுக்கவில்லை. பழைய நோட்டு ஒன்று போதுமாக இருந்தது.

5. ஆதாரை மறக்காதீர்கள். பிறந்த தேதியை அதில் வழக்கமாக ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள், ஆகவே அந்த ஒரு தடவையை 14-க்குச் செலவழித்துவிட்டு 17-க்கு என்ன செய்வது என்று பிறகு யோசியுங்கள். ஆதார் பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் ஒரு விபத்து வழக்கில் சொல்லிவிட்டது. அதைப் படிக்காத அதிகாரியாகப் பார்த்துக் காட்டுங்கள்.

6. குடும்பத்தைப் பற்றிக் கவலையே படாதீர்கள். இங்கேதான் பெரும்பாலானவர்கள் திறமையைக் காட்டுகிறார்கள். பையனின் தங்கை 2012 ஜூன் 14-ல் பிறந்தவள், அதே பள்ளியில் படிக்கிறாள், எமிஸில் அதே பெற்றோர் பெயர். ஜனவரி 5-ல் அண்ணன், ஐந்து மாதம் கழித்துத் தங்கை. அவர்கள் அம்மாவை மருத்துவ இதழ்கள் தேடி வர வேண்டும். அதோடு புதுத் தேதிப்படி அவன் 2016 ஜூனில், நாலு வயது ஐந்து மாதத்தில், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். எந்தத் தாளும் தனியாகப் பொய் சொல்லி மாட்டுவதில்லை. இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் மாட்டும். எனவே ஒவ்வொன்றையும் தனித்தனி நாளில் கொடுங்கள்.

7. பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள், ஆனால் அரைகுறையாக. தேதியை மட்டும் மனப்பாடம் செய்ய வையுங்கள். மைதானத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பழைய பி.டி. சார் தேதியைக் கேட்க மாட்டார்.

“ஏலே, எப்பொ பொறந்த?”

“ரெண்டாயிரத்துப் பன்னெண்டு ஜனவரி அஞ்சு சார்.”

“சரி. கிளாஸ்ல பொறந்தநாளுக்கு முட்டாய் எப்பொ குடுப்ப?”

“ஸ்கூல் தொறந்த ஒடனே சார்.”

“எது, அரப்பரீட்ச லீவு முடிஞ்சா?”

“இல்ல சார், முழுப்பரீட்ச லீவு முடிஞ்சு.”

அவ்வளவுதான். இதற்குப் பிறகு அவர் ஃபைலைத் திறக்கக்கூட மாட்டார். மூடிவிடுவார்.

8. எக்ஸ்ரேவுக்குப் பயப்படாதீர்கள், பயப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு இடது கை மணிக்கட்டைப் படம் பிடிக்கிறது. டிடபிள்யூ3 என்று ஒரு முறை. முன்கையின் இரண்டு எலும்புகள், விரல் வரிசையில் பதினொன்று, ஆக மொத்தம் 13 எலும்புகளைப் பார்ப்பார்கள். வளரும் பிள்ளைக்கு எலும்பின் நுனியில் ஒரு குருத்தெலும்புப் பட்டை இருக்கும். படத்தில் அது கறுப்புக் கோடாகத் தெரியும். வயது ஏற ஏற அந்தக் கோடு மெலிந்து, கடைசியில் எலும்போடு எலும்பு ஒட்டி மறைந்துவிடும். ஒவ்வொரு எலும்பும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மதிப்பெண் போட்டுக் கூட்டினால் எலும்பு வயது.

இதில் உங்களுக்குச் சாதகமான இடங்களைக் கவனியுங்கள். நல்ல ஆரோக்கியமான பையனுக்கே எலும்பு வயதும் உண்மை வயதும் ஒரு வருடம் முன்னே பின்னே இருக்கும். ஆகவே நீங்கள் திருடிய ஆறு மாதத்தை இந்தப் படம் பார்க்கவே பார்க்காது. மூன்று வருடம் திருடுகிற பேராசைக்காரர்களுக்குத்தான் இது ஆபத்து. கூடவே, சீக்கிரம் மீசை அரும்பிய, தேதியில் ஒரு பொய்கூட இல்லாத பக்கத்துத் தெருப் பையனுக்கும் ஆபத்து. 16.5 வந்துவிட்டால் வெளியே. முன்பெல்லாம் ஒரு வருடம் எடுத்த எலும்பு வயதோடு ஒன்றைக் கூட்டி அடுத்த வருடத்தைத் தீர்மானித்தார்கள்: 15.4 வந்தவன் 16.4 ஆகி உள்ளே, 15.5 வந்தவன் 16.5 ஆகி வெளியே. பையன்கள் கணக்குப் போட்டு வளர்வதில்லை என்று 2025-ல்தான் ஒத்துக்கொண்டு, இரண்டாவது முறையும் படம் எடுக்கலாம் என்றார்கள்.

அந்த 16.5 எங்கிருந்து வந்தது தெரியுமா? டிடபிள்யூ3 அட்டவணையில் ஆண் பிள்ளையின் எலும்பு முழு வளர்ச்சி அடைவது 16.5-ல், பெண் பிள்ளைக்கு 15-ல். அளவுகோல் அங்கே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் பதினேழும் இருபத்தைந்தும் படத்தில் ஒன்றுதான். கால்பந்தில் ஃபிஃபா 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 2009 முதல் மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுக்கிறது. கதிர்வீச்சு இல்லை என்பதால். முன்கை எலும்பின் நுனி முழுதாக ஒட்டியிருந்தால் வெளியே, ஏனென்றால் பதினேழுக்குள் அப்படி ஒட்டுவது மிக அரிது. ஒட்டாமல் இருந்தால் வயது குறைவு என்று அர்த்தமில்லை; மாட்டவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஆகவே பெரிய திருட்டாக இருந்தால் 19 வயதுப் பிரிவு வரை பொறுத்திருங்கள். அங்கே மணிக்கட்டு சாட்சி சொல்லாது.

9. மன்னிப்புக் கேட்காதீர்கள். 2020-ல் கிரிக்கெட் வாரியம், தேதியை மாற்றியவர்கள் செப்டம்பர் 15-க்குள் தாங்களாகவே வந்து சொன்னால் தண்டனை இல்லை, பிறகு மாட்டினால் இரண்டு வருடத் தடை என்று அறிவித்தது. தடை பையனுக்கு, சான்றிதழை எழுதி வாங்கியது நீங்கள். ஆகவே வாயைத் திறக்காமல் இருப்பதில் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை.

10. எதிரணியைப் புரோட்டஸ்ட் கொடுக்க விடாதீர்கள். இது சுலபம். டாஸுக்கு முன்பே அவர்களுடைய ஸ்டாப்பர் பேக்கைக் காட்டி, “சார், தம்பிக்குக் கல்யாணம் எப்பொ?” என்று அந்தப் பள்ளியின் பி.டி. சாரிடம் சிரித்துக்கொண்டே கேளுங்கள். அவரும் சிரிப்பார். அன்றைக்கு யாருடைய ஃபைலும் திறக்கப்படாது.

11. கடைசியாக, உண்மையிலேயே 2012-ல் பிறந்த பையன்கள் பள்ளியில் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களை அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கேன் தூக்க ஆள் வேண்டும். அதோடு அவர்கள் சான்றிதழ்களின் ஜெராக்ஸை ஃபைலில் மேலே அடுக்குங்கள். வெயிலில் உட்கார்ந்து சரிபார்ப்பவர் முதல் நாலைந்தைத்தான் புரட்டுவார்.