கேட்ட கேள்வி எங்கே?

கேள்வி: அதிகாரி நெடுநேரம் பேசினார். கேள்வி நேரம் வந்ததும் இரண்டு மூன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். எல்லோரும் கேட்க வந்த விஷயத்தைத் தொடவே இல்லை. செய்தியை எங்கிருந்து தொடங்குவது?
– பகுதிநேரச் செய்தியாளர், ஊரப்பாக்கம்

பாதிக்கப்பட்டவர் அந்த அறையில் இருந்திருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பாரோ, அங்கிருந்து. அதற்குப் பதில் வரவில்லை என்பதுதான் அன்றைய செய்தி. நிவாரணத் தொகை, புதிய தேதி என்று ஏதாவது அறிவித்திருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். மக்களுக்கு அது தேவை. ஆனால் இரண்டாவது பத்தியில் வரட்டும். அவர் பேசிய வரிசையிலேயே எழுதிக்கொண்டு போனால், சொல்லாமல் விட்டது கடைசிப் பத்திக்குப் போகும். பக்கத்தில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவதும் அந்தப் பத்திதான்.

கேள்வி: 'மழுப்பினார்' என்று எழுதலாமா?
– வாசகி, கூடுவாஞ்சேரி

வேண்டாம். அது அவர் மனதைப் பற்றிய உங்கள் கணிப்பு. கேட்ட கேள்வியை அப்படியே போடுங்கள், வந்த பதிலை அதன் கீழேயே போடுங்கள். வாசகருக்குப் புரியும். 'தெரியாது' என்றாரா, 'விசாரணை நடக்கிறது, சொல்ல முடியாது' என்றாரா, வேறு கேள்விக்குத் தாவினாரா? மூன்றும் வெவ்வேறு செய்திகள். மூன்றையும் சேர்த்து 'பதிலளிக்க மறுத்தார்' என்று எழுதுவது தவறு. இன்னொன்று, யாருமே கேட்காத கேள்விக்கு 'பதில் சொல்லவில்லை' என்று எழுதக் கூடாது. அந்தக் குறை நம்முடையது.

கேள்வி: பதிலே இல்லாத பேட்டியை வரி வரியாகப் பதிவு செய்து என்ன பயன்?
– வாசகர், வண்டலூர்

தூத்துக்குடியை நினைத்துப் பாருங்கள். 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். சுட உத்தரவிட்டது யார் என்பதுதான் ஊரே கேட்ட கேள்வி. அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, மற்றவர்களைப் போலத் தானும் தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். கேள்வி உத்தரவைப் பற்றியது; பதிலோ தனக்குத் தகவல் வந்த வழியைப் பற்றியது.

செய்தியாளர்கள் அதைச் சுருக்காமல், திருத்தாமல் போட்டார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டபோது, அந்தக் கூற்று தவறானது என்று அதில் இருந்தது. தலைமைச் செயலாளர், டி.ஜி.பி., உளவுத்துறைத் தலைவர் ஆகியோர் நிலவரத்தை அவருக்கு உடனுக்குடன் தெரிவித்துவந்தார்கள் என்றது ஆணையம். 'முதல்வர் வருத்தம் தெரிவித்தார்' என்று மட்டும் அன்று எழுதியிருந்தால், நான்கு ஆண்டு கழித்து ஒப்பிட்டுப் பார்க்க என்ன மிஞ்சியிருக்கும்?

உத்தரவு பற்றிய தகவலும் மேடையிலிருந்து வரவில்லை. சில நாட்களில் வெளியே வந்த முதல் தகவல் அறிக்கைகளில், துணைத் தாசில்தார் நிலையிலான அதிகாரிகளின் பெயர்கள் இருந்தன. இவ்வளவு பெரிய முடிவை அந்த நிலையில் இருப்பவர்கள் எடுத்தார்களா என்ற அடுத்த கேள்வி அந்தக் காகிதத்திலிருந்துதான் பிறந்தது. வாய் திறக்காத இடத்தில் எந்தக் காகிதம் பேசும் என்று, பேட்டி முடிந்த அன்றே யோசிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர் விஷயத்தில் எப்போது கேட்டாலும் 'விரைவில்' என்கிறார்களே?
– வாசகர், ஊரப்பாக்கம்

'எப்போது' என்று கேட்டால் 'விரைவில்' தான் வரும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. நிலையம் கட்டுவது ரயில்வேயின் வேலையாகவும், ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி முனையத்துக்கு வரும் நடைமேம்பாலம் சி.எம்.டி.ஏ.வின் வேலையாகவும் இருந்தன. ஒருவரைக் கேட்டால் இன்னொருவரைக் கை காட்ட முடிந்தது. இப்படிப்பட்ட இடத்தில், "உங்கள் துறையின் பங்கில் இன்னும் முடியாத வேலை எது? அதற்கு ஒப்பந்தத்தில் போட்ட கெடு என்ன?" என்று கேளுங்கள். அதற்கும் 'விரைவில்' என்றால் கேள்வியோடு சேர்த்து அச்சிடுங்கள். அதே கேள்வியை எழுத்தில் அனுப்பி, அனுப்பிய தேதியையும் செய்தியில் சொல்லுங்கள்.

கேள்வி: பதில் வராத இடத்தை வெற்றாக விட்டால் நறுக்கென்று இருக்குமே?
– வாசகி, தாம்பரம்

செய்திருக்கிறார்கள். 2019 மே 17 அன்று டெல்லியில் அமித் ஷாவுடன் செய்தியாளர் சந்திப்பில் உட்கார்ந்த பிரதமர் மோடி, கேள்விகளைக் கட்சித் தலைவருக்கே விட்டுவிட்டார். மறுநாள் கொல்கத்தாவின் 'தி டெலிகிராஃப்' முதல் பக்கத்தில் அவர் பதிலுக்கென்று இடத்தைக் காலியாக விட்டது. அந்தச் சந்திப்பை நாடே நேரலையில் பார்த்திருந்ததால் அது எடுபட்டது. தாலுகா அலுவலகப் பேட்டியை நம் வாசகர் பார்த்திருக்க மாட்டார். அங்கே என்ன கேட்டோம் என்பதே அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் பதில் வராத கேள்விகளை முழுசாக அச்சிடுங்கள்.