மாமா கோபித்தால் படமும் போகும்

பூச்சோங்கில் கல்யாணம் முடிந்தால் முதல் சண்டை மொய்க்கணக்கில் வரும் என்பது பழைய கதை. இப்போது ஆல்பத்தில் வருகிறது. லண்டன் சித்தி, மெல்பர்ன் மாமா, கிள்ளான் அத்தை எல்லாரும் படம் போடட்டும் என்று கூகுள் ஃபோட்டோஸில் ஒரு ஆல்பம் திறந்து, லிங்கை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறோம். "பார்க்க முடியுது, போட முடியலையே" என்பார் சித்தி. ஆல்பத்தின் அமைப்புகளில் 'Collaborate' அணைந்து கிடந்தால் அப்படித்தான்.

அதைத் திறந்துவிட்டதும் மாமா முந்நூறு படங்களைக் கொட்டுவார், பாதி வாழையிலைச் சாப்பாடு. கொட்டட்டும். அவர் போடுவது அவருடைய இலவச 15 ஜிபியைத்தான் தின்னும், நம்முடையதை அல்ல. வில்லங்கமும் அங்கேதான். பந்தியில் தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று மாமா ஆல்பத்தைவிட்டு வெளியேறினால், அவர் போட்ட படங்களும் அவரோடு வெளியேறிவிடும். தாலி கட்டிய நொடியை நேராகப் பிடித்த ஒரே படம், வழக்கம்போல, அவருடையதாகவே இருக்கும்.

ஆகவே மாமா நல்ல மனநிலையில் இருக்கும்போதே வேண்டிய படங்களை நம் கணக்கில் சேமித்துவிட வேண்டும். அப்போது நம் 15 ஜிபி குறையத்தான் செய்யும். மெல்பர்னுக்குச் சமாதானம் பேசப் போகும் டிக்கெட்டைவிடச் சல்லிசு.