கடுகு டப்பா பதில்கள்

ரேஷன் தவிர்த்து மாத மளிகைக்கு 4,000 ரூபாய். நாலு பேர். இருபதாம் தேதியே டப்பாக்கள் கோரஸ் பாடுகின்றன. என்ன செய்ய?
– வாசகி, திண்டுக்கல்

பணத்தை முதல் தேதியே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். 2,000 கெட்டுப்போகாத சாமான்களுக்கு. மீதி 2,000, வாரத்துக்கு 500 வீதம் நாலு கவரில். காய், முட்டை, மீன் எல்லாம் அந்தக் கவருக்குள்தான். இருபதாம் தேதி கை காலியாவது பெரும்பாலும் காயாலும் சில்லறைச் செலவாலும்தான். பருப்பின் மேல் பழி போடாதீர்கள், பாவம்!

ரேஷனில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் பாக்கெட் 25 ரூபாய். அதை விடவே கூடாது. ஆனால் அந்த ஒரு கிலோ பருப்பு நாலு பேருக்குப் போதாது. ஒரு நாளைக்கு 200 கிராம் என்றால் மாதம் ஆறு கிலோ வேண்டும். மீதி ஐந்தையும் துவரையாகவே வாங்காமல் கொள்ளு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, வேர்க்கடலை என்று பிரித்தால் செலவும் குறையும், தினம் சாம்பார் என்ற முணுமுணுப்பும் குறையும். வாரம் 15 முட்டை வாங்குங்கள். ஆளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்று. மத்தி மலிவாக வரும் வாரம், அந்தக் கவரில் கால் பங்கு அதற்கே.

மலிவாக இருக்கிறதே என்று பத்து கிலோ பச்சைப்பயறு வாங்கினேன். வண்டுகள் எனக்கு முன்னால் விருந்து வைத்துவிட்டன!
– வாசகர், தேனி

வண்டு பெரும்பாலும் உங்கள் வீட்டில் நுழைவதில்லை. வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டு, பயறோடு மூட்டையில் வந்துவிடுகிறது. வாங்கும்போது ஒரு கை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தோலில் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. வட்டமான ஓட்டையும் மாவும் தெரிந்தால் வளர்ந்த வண்டு வெளியேறியே விட்டது. முழுப்பயறுக்குத்தான் இந்தத் தொல்லை; உடைத்த பருப்பை இந்த வண்டு அவ்வளவாக நாடாது. எனவே முழுப்பயறு ஒரு மாதத்துக்கு மட்டும். மொட்டை மாடியில் நல்ல வெயிலில் காயவைத்து, முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பத்து கிலோவாக வாங்கினால்தான் விலை குறையும் என்றால் பக்கத்து வீட்டோடு பங்கு போடுங்கள்.

மீல்மேக்கர் வைத்தால் பையன் தட்டைத் தள்ளிவிடுகிறான்.
– வாசகி, கரூர்

அவன் தள்ளுவது அந்த வாடையை. உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, இரண்டு தடவை ஒட்டப் பிழியுங்கள். பிறகு மிக்ஸியில் ஒரே சுற்று. சோம்பு, பச்சை மிளகாய், பொட்டுக்கடலை மாவு சேர்த்து உருட்டிப் பொரித்தால் கோலா உருண்டை. இந்தப் பாடு பட வேண்டிய பொருள்தான் அது: காய்ந்த மீல்மேக்கர் 100 கிராமில் எட்டு முட்டையின் புரதம் இருக்கிறது. பிழியாமல் மட்டும் உருட்டாதீர்கள்; எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிடும்.