கேளுங்கள், சொல்கிறேன்: சார்ட்டில் சோப்பு நுரை

கே: அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை செய்யலாமா?
ப: ஆப்பசோடா இட்லிக்கடைக்கே போகட்டும்.

கே: போஸ்டர் ஓரத்தில் ஜிகினா ஒட்டினால் மார்க் கூடுமா?
ப: ஸ்டேஷனரி கடைக்காரருக்குக் கூடும்.

கே: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் எங்கள் தெரு போர் தண்ணீரில் சோப்பு ஏன் நுரைப்பதில்லை என்று பிராஜக்ட் செய்கிறாள். ஒரே சார்ட், 250 சொல்தான் அனுமதி. எழுதி வைத்திருப்பதோ ஆறு பக்கம். எதை வெட்ட? (ஒரு தந்தை, மண்ணூர்பேட்டை)
ப: முதலில் 'நீரின் முக்கியத்துவம்' பத்தியை வெட்டுங்கள். நீர் முக்கியம் என்று நடுவருக்குத் தெரியும்.

சார்ட்டின் தலைப்பே கேள்வியாக இருக்கட்டும்: 'போர் தண்ணீருக்கு எவ்வளவு சோப்பு கூடுதலாக வேண்டும்?' இடப்பக்கம் செய்முறை. ஒரே அளவு பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் 100 மி.லி. தண்ணீர்: போர், கொதித்து ஆறிய போர், கேன், பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீர். சோப்புக்கரைசலை மில்லி மில்லியாக விட்டுக் குலுக்கி, நுரை ஒரு நிமிடம் கலையாமல் நிற்கும்வரை எவ்வளவு ஆனது என்று குறிக்க வேண்டும். இதை எழுதாமல் நாலு படமாக வரைந்தால் சொல்லும் மிச்சம். ஒவ்வொரு தண்ணீரையும் மூன்று முறை செய்யச் சொல்லுங்கள். ஒரே தடவை எடுத்த அளவை நடுவர் நம்பமாட்டார், நம்பவும் கூடாது.

நடுவில், பெரிதாக, நாலு பட்டைகள் கொண்ட வரைபடம். அதன் மேல் 'முடிவு' என்று மட்டும் போடாமல், கண்டுபிடித்ததை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். நாலடி தள்ளி நின்று படிக்க முடியாத எழுத்து சார்ட்டில் இருந்தும் பயனில்லை.

வலப்பக்கம் காரணம், இரண்டே வரி: கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து திரிந்த பாலைப் போல வெள்ளைப் படிவாகின்றன, அவை தீர்ந்த பிறகே நுரை வரும். கொதித்த நீரில் சோப்பு குறைந்தால் ஒரு பகுதி உப்பு சூட்டில் படிந்துவிட்டது என்று பொருள். அடியில், 'ஒரே ஒரு போர் கிணற்றில்தான் சோதித்தேன்' என்ற வரி கட்டாயம் வேண்டும்.

கே: அதே தந்தைதான். முதல் தடவை நாலு பாட்டிலிலும் ஒரே மாதிரி நுரை வந்துவிட்டது. துணி பவுடர் போட்டிருந்தாள். நாங்கள் எதிர்பார்த்த எண்களை எழுதிவிடலாமா?
ப: வேண்டாம். துணி பவுடர் சோப்பு அல்ல, டிடர்ஜென்ட். உப்பு நீரிலும் நுரைப்பதற்காகவே செய்யப்பட்டது. குழந்தை கண்டது சரி. அந்த எண்களையும் பக்கத்தில் இன்னொரு பட்டை வரிசையாகப் போடுங்கள். நடுவர் அங்கேதான் விரலை வைத்து 'இது ஏன்?' என்பார். பதிலை அவளே சொல்லட்டும், நீங்கள் கேன்டீனில் இருங்கள்.