கலந்துபேசிச் சொல்கிறவர்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருவார். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்பதால் நாலு இருபதுக்கெல்லாம் செருப்பைத் தேடுவார். செருப்பை மாட்டியபடியே, என் முகத்தைத் தவிர வீட்டிலுள்ள எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, அப்பாவிடம் சொல்வார்: "அப்ப நாங்க வீட்ல கலந்துபேசிட்டுச் சொல்றோம், சார்."

மாப்பிள்ளைக்குத் தகப்பனாகவோ தாய்மாமனாகவோ வருவார். வழுக்கையும் இருக்கும், முடியும் இருக்கும். வாசகம் மட்டும் மாறாது. எனக்கு முப்பத்தொன்று நடக்கிறது. இதுவரை பதினான்கு குடும்பங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன. அதில் பதினொன்று இன்னும் கலந்துபேசிக்கொண்டிருக்கின்றன. முதலில் கலந்துபேச ஆரம்பித்த வீட்டுப் பையனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். பேச்சு முடிந்ததாகத் தகவல் இல்லை.

இவர் ஏன் சொல்வதில்லை என்பதை நான் பஞ்சாங்கம் வைத்து ஆராய்ந்திருக்கிறேன். திங்கட்கிழமை, வந்த களைப்பு. செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் பேசக்கூடாது. புதனும் வியாழனும் அஷ்டமி, நவமி. வெள்ளிக்கிழமை பேசலாம், ஆனால் மங்களகரமான நாளில் "வேண்டாம்" என்று எப்படி வாயைத் திறப்பது? சனிக்கிழமையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆக, கெட்ட நாளில் போன் செய்ய முடியாது, நல்ல நாளில் கெட்ட சேதி சொல்ல முடியாது. "சரி" என்பதற்கு வருஷத்தில் நூறு முகூர்த்தம் குறித்துக் கொடுக்கிற பஞ்சாங்கத்தில், "இல்லை" என்பதற்கு ஒன்றுகூட இல்லை. ஜோதிடர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஒன்பதாவதாக வந்தவர்கள் ஆனி மாதம் நான்காவது வாரம் வந்தார்கள். பொருத்தம் பார்த்துத் திருப்தியான பிறகுதான் புறப்பட்டோம் என்று தரகரிடம் சொல்லியிருந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். வாழைக்காய் பஜ்ஜியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்கள். (சம்பந்தம் முடிகிறவரை கை நனைக்கக் கூடாது என்பார்கள். அது சாப்பாட்டுக்குத்தான், பஜ்ஜிக்கு விலக்கு உண்டு.) செருப்பு, வாசகம், கார். ஒரு வாரம் சத்தமில்லை. அப்புறம் ஆடி பிறந்துவிட்டது, அதில் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். ஆவணி இரண்டாம் தேதி அப்பாவே கூப்பிட்டார்.

"அதான் சார், ரஜ்ஜு தட்டுது. எங்க ஜோசியர் ஒரேடியா வேண்டாம்னுட்டார்."

அப்பா போனை வைத்துவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தார். இருபத்தேழு நட்சத்திரங்களையும் சிரசு, கண்டம், உதரம், தொடை, பாதம் என்று ஐந்து ரஜ்ஜுவாகப் பிரித்திருப்பார்கள். பெண்ணும் பிள்ளையும் ஒரே ரஜ்ஜுவில் இருந்தால் ஆகாது, வேறு வேறாக இருந்தால் பொருத்தம். பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் போதும். என்னுடையது திருவோணம், கண்ட ரஜ்ஜு. பையனுடையது பூசம், தொடை ரஜ்ஜு. எந்த ஊர்ப் பஞ்சாங்கத்தில் பார்த்தாலும் கழுத்தும் தொடையும் தட்டிக்கொள்ள வழியில்லை. தவிர, நட்சத்திரம் கேசரி சாப்பிட்ட பிறகு மாறக்கூடிய பொருளும் அல்ல.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொய்யாவது சரியாச் சொல்லக் கூடாதா" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு வருத்தம் அந்தப் பொய்யில் இல்லை. அதற்கு முந்தைய ஐந்து வாரத்தில்தான். பதில் வராத வீட்டில் ஆளுக்கொரு பதிலை உண்டாக்கிக்கொள்கிறோம். அம்மா, "அந்த அரக்குப் புடவை உனக்கு எடுக்கலை, நான்தான் கட்டச் சொன்னேன்" என்பாள். மறுநாள் முந்திரி போதவில்லை என்பாள். பாட்டிக்கு வாசற்படி தெற்குப் பார்த்திருப்பது காரணம். எனக்குக் காரணமே நான்தான். சம்பளத்தைக் கேட்டபோது பட்டென்று சொல்லிவிட்டேனோ, சிரித்தபோது அந்தக் கோணல் பல் தெரிந்ததோ என்று ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணாடி முன்னால் நின்று வாயை மூடிச் சிரித்துப் பார்த்திருக்கிறேன். "உயரம் போதாது" என்று ஒருவர் மூன்றாம் நாளே சொல்லியனுப்பினார். அன்று அழுதேன், மறுநாள் ஆபீஸ் போனேன். உயரம் உயரத்தோடு போயிற்று. காரணம் சொல்லாமல் போகிறவர்தான் என்னிடமுள்ள எல்லாவற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போகிறார்.

அதனால் பத்தாவதிலிருந்து சில மாற்றங்கள் செய்தோம். முதல் சந்திப்பு வீட்டில் கிடையாது. மலைக்கோட்டை அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் சன்னதி. கேசரி கிடையாது, கொடுத்தால் கோயில் பிரசாதம். புதுப் புடவை கிடையாது, ஆபீஸுக்குக் கட்டுவதுதான். பிடித்துப் போனால் வீட்டுக்கு வரட்டும். முக்கியமாக, ஏழு நாள் கெடு. எட்டாம் நாள் காலை அப்பா அந்த ஜாதக நகலைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுவார், நான் நோட்டில் "இல்லை" என்று எழுதிவிடுவேன். அவர்கள் சொல்லாத வார்த்தையை நாங்களே சொல்லிக்கொள்கிறோம். இதனால் வலிக்காது என்று சொல்ல மாட்டேன். எட்டாம் நாளோடு முடிகிறது, அவ்வளவுதான். அம்மா மட்டும் பத்தாம் நாள்வரை போனைக் குளிக்கும்போதும் கூடவே எடுத்துப் போகிறாள்.

இப்படியெல்லாம் இவரைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் பதின்மூன்றாவது வரன் வந்தது. நல்ல பையன். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட வேண்டும் என்றான். எனக்குச் சரிப்படாது என்று படியிறங்கும்போதே அப்பாவின் காதில் சொல்லிவிட்டேன். அப்பா தலையாட்டினார். கீழே பையனின் அப்பா, கையில் விபூதிப் பொட்டலத்தோடு ஆவலாக நின்றிருந்தார்.

"அப்ப நாங்க வீட்ல கலந்துபேசிட்டுச் சொல்றோம், சார்" என்றார் என் அப்பா.

செருப்பைத் தேடியபடி.

நாலு நாள் ஆயிற்று. அப்பா போனை எடுப்பார், வைப்பார். "பாவம், அந்த மனுஷன் அவ்வளவு ஆசையாப் பேசினார், எப்படிச் சொல்றது" என்பார். இன்னிக்கு நவமி என்பார். பதில் சொல்லாத ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மனுஷன் இப்படித்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கூசி உட்கார்ந்திருப்பாரோ என்று அப்போதுதான் தோன்றியது. கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

ஆனால் இரக்கம் அந்த வீட்டுக்குப் பதில் ஆகாது. ஐந்தாம் நாள் போனை நான் வாங்கிக்கொண்டேன். "அங்கிள், நான் பொண்ணுதான் பேசறேன். வேலையை விடறது எனக்குச் சரிப்படாது. உங்க பையனுக்கு நல்ல இடமா அமையும்." அந்தப் பக்கம் ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு, "சொன்னியேம்மா, ரொம்ப சந்தோஷம். இதுக்காக வேற ரெண்டு ஜாதகத்தை நிறுத்தி வச்சிருந்தோம்" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்று நவமி முடிந்து தசமி என்று அப்பா பிற்பாடு சொன்னார்.

பதினான்காவதாக வந்து போனவர்களுக்கு: நாளையோடு ஏழு நாள் முடிகிறது. காரணம் எதுவும் வேண்டாம், ரஜ்ஜுவை இழுக்க வேண்டாம். "சரிப்படலை" என்ற ஒரு வார்த்தை போதும். காலை பத்து மணிவரை அப்பா வீட்டில்தான் இருப்பார். அவர் எடுக்கக் கூச்சப்பட்டால் நான் எடுக்கிறேன்.