சிபாரிசும் வேணும், உண்மையும் வேணும்

முன்னாள் சீனியருக்குக் கடிதம் எழுதும் ஜூனியர் சென்னை ஓஎம்ஆர் சாலையில் எல்லாப் பருவத்திலும் தென்படுவார். சம்பள உயர்வு அறிவித்த மறுவாரம் சற்றுக் கூடுதலாகத் தென்படுவார். கூட வேலை பார்த்த காலத்தில் சீனியரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர், கடிதத்தில் 'அண்ணா' என்று தொடங்குவார். அதிலேயே பாதி விஷயம் புரிந்துவிடும்.

முதல் பத்தி நலம் விசாரிப்பு. 'அண்ணி, குழந்தைகள் எல்லாரும் சௌக்கியமா?' என்று கேட்டிருப்பார். சீனியருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அடுத்த பத்தியில், அவர் சொல்லிக்கொடுத்ததுதான் இன்றைக்கும் சோறு போடுகிறது என்ற நன்றியறிதல். அதன் வாலில்தான் காரியம் தொங்கும்: 'ஒரு சின்ன உதவி அண்ணா. புது கம்பெனியில் ரெஃபரன்ஸ் கேட்டார்கள், உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.' கொடுக்கலாமா என்று கேட்கும் வழக்கம் இவரிடம் கிடையாது. கடிதம் வந்து சேர்வதற்குள் தெரியாத எண்ணிலிருந்து இரண்டு அழைப்பு வந்திருக்கும். கிரெடிட் கார்டு விற்பவர்கள் என்று நினைத்துச் சீனியர் துண்டித்திருப்பார்.

அழைத்தவர்கள் புது கம்பெனிக்காகப் பின்னணி சரிபார்ப்பவர்கள். பழைய கம்பெனியின் ஹெச்ஆர் பெரும்பாலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி இவற்றைத் தாண்டி வாய் திறக்காது. ஆள் எப்படி வேலை செய்தார் என்பதைச் சொல்ல நேரடி மேலதிகாரி வேண்டியிருக்கிறது. எவ்வளவு காலம் உங்களிடம் இருந்தார், எதில் கெட்டிக்காரர், எதில் இன்னும் தேற வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கடைசியில், 'வாய்ப்பிருந்தால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?' என்பார்கள். சீனியர் எச்சில் விழுங்கக்கூடாத இடம் அதுதான்.

கெடுதல் பல சமயம் நல்ல மனதிலிருந்தே வரும். விண்ணப்பத்தில் தன்னை டீம் லீட் என்று போட்டிருப்பதை ஜூனியர் சீனியரிடம் சொல்லியிருக்கமாட்டார். சீனியரோ வாஞ்சையோடு, 'நல்ல பையன் சார், எந்த வேலை சொன்னாலும் மறுபேச்சு இல்லாமல் செய்வான்' என்பார். அதைக் கேட்ட பிறகு டீம் லீட் என்பதை யார் நம்புவார்கள்?

கடிதத்துக்குப் பின்குறிப்பும் உண்டு. 'சமீபத்தில் முடித்த ப்ராஜெக்டை இணைத்திருக்கிறேன். ஒளிக்காமல் கருத்துச் சொல்லுங்கள்.' இணைப்பில் வாடிக்கையாளரின் பெயரோடு முழு நிரலும் இருக்கும். வெளியாளுக்கு அதை அனுப்புவது ரகசிய ஒப்பந்தத்தை மீறும் செயல் என்பது இவருக்கு உறைக்காது. பெயரை நீக்கி, அமைப்பை மட்டும் ஒரு பக்கத்தில் விளக்கினாலே போதும்.

அது ஒரு கடன் சங்கத்தின் அன்றாட வசூலை இரவில் உறுப்பினர் கணக்குகளில் வரவு வைக்கும் நிரல் என்று வைத்துக்கொள்ளலாம். சீனியர் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்பார்: 'பாதியில் நின்றுபோனால்?' 10,000 ரசீதில் 6,000 ஏறியபின் சர்வர் விழுந்தால், மறுபடி ஓட்டும்போது நிரல் முதல் ரசீதிலிருந்தே தொடங்குகிறது. 6,000 ரசீதுக்கும் இரட்டை வரவு. வசூல் மொத்தத்தையும் வரவு மொத்தத்தையும் ஒப்பிட்டிருந்தால் மறுநாள் காலையிலேயே தெரிந்திருக்கும். அந்த ஒப்பீடும் நிரலில் இல்லை. ஒரே ரசீது எண் இரண்டாம் தடவை வந்தால் தரவுத்தளமே மறுக்கும்படி செய்வதுதான் தீர்வு. ஏற்கெனவே ஏறிவிட்ட ரசீதைக் கண்டால் நிரல் அதைத் தாண்டிப் போகவும் வேண்டும்.

உண்மையாகக் கருத்துக் கேட்டவரையும் பாராட்டுக்காகக் கேட்டவரையும் பிரித்தறிவது இந்த இடத்தில்தான். முன்னவர் இரண்டு நாள் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத் திருத்திய நிரலோடு வருவார். பின்னவர் பத்தே நிமிடத்தில், 'அண்ணா, எங்க சர்வர் விழவே விழாது' என்று ஆரம்பித்து, விமர்சனத்தைப் போல் மூன்று மடங்கு நீளத்துக்குப் பதில் போடுவார்.

இரண்டு வேண்டுகோளும் ஒரே கடிதத்தில் வருவதால்தான் சிக்கல். நாளைக்கு ஃபோனில் ஒருவரைத் தூக்கிப் பேச வேண்டிய மனிதர் இன்றைக்கு அவருடைய ப்ராஜெக்டைக் கிழிக்கமாட்டார். 'சூப்பர் தம்பி' என்று ஒரு வரி போட்டு முடித்துக்கொள்வார். இரட்டை வரவு அப்படியே இருக்கும்.

சிபாரிசு கேட்கும் கடிதம் ஐந்தாறு வரி இருந்தால் தாராளம். எந்த வேலைக்கு விண்ணப்பம், எந்தப் பதவியைப் போட்டிருக்கிறார், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை சேர்ந்து வேலை பார்த்தார்கள், எந்த வாரம் அழைப்பு வரும் என்பவை வேண்டும். 'உங்களுக்குச் சௌகரியப்படாவிட்டால் வேறொருவரைக் கேட்டுக்கொள்கிறேன்' என்ற வரி கட்டாயம் வேண்டும். தயங்கித் தயங்கிப் பேசும் சிபாரிசைவிட மறுப்பே மேல். ப்ராஜெக்டைப் புது வேலையில் சேர்ந்தபிறகு தனியாக அனுப்பலாம். அப்படிச் சேர்ந்தபிறகு நினைவு வைத்து அனுப்புகிறவர்கள் மிகக் குறைவு.